ஃபிளாஞ்ச் கப்ளிங்: நான்கு போல்ட்டும் சுமை தூக்க வேண்டுமானால்

ஃபிளாஞ்ச் கப்ளிங் கணக்கைப் புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மொத்த முறுக்குவிசையைப் போல்ட் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் சம பங்கு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். காகிதத்தில் சமமாகப் பிரிந்த சுமை இரும்பிலும் சமமாகப் பிரிய வேண்டுமானால், அதற்கான வேலை துளை போடும்போதே நடந்திருக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் கணக்கைச் சுருக்கமாகவும் துளையையும் சேர்க்கையையும் விரிவாகவும் எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்கொண்ட வேலை இதுதான்: ஒரு ஆலையின் நீண்ட லைன் ஷாஃப்ட்டை இரண்டு துண்டாகச் செய்து நடுவில் சேர்க்க வேண்டும். 15 கிலோவாட், நிமிடத்துக்கு 720 சுற்று, இருபுறமும் பிளம்மர் பிளாக். ஃபிளாஞ்ச் வார்ப்பிரும்பு, ஷாஃப்ட்டும் கீயும் எஃகு. இது ரிஜிட் கப்ளிங், அதாவது கோணலைத் தானே சரிசெய்துகொள்ளும் ரப்பரோ ஸ்பிரிங்கோ இதில் கிடையாது.

1. சுமையைக் கடத்தப்போவது எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

போல்ட் போட்ட ஃபிளாஞ்ச் இரண்டு வழியில் முறுக்கைக் கடத்தும். ஒன்று, போல்ட்டை இறுக்கியதால் இரண்டு முகங்களும் அழுந்தி, உராய்வால் ஒன்றையொன்று இழுப்பது. இதில் போல்ட் ஒரு கிளாம்ப் மட்டும்தான். துளை பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. மற்றொன்று, போல்ட்டின் உடல் துளைச் சுவரில் உட்கார்ந்து, கத்தரிக்கோலுக்கு நடுவில் மாட்டிய கம்பியைப் போல வெட்டுவிசையைத் தாங்குவது. இதற்குப் போல்ட்டும் துளையும் இடைவெளியே இல்லாமல் பொருந்தியிருக்க வேண்டும்.

இந்த முடிவை எடுக்காமல் வேலையைத் தொடங்கினால் இரண்டும் கெட்டானாகிவிடும்: கணக்கு வெட்டுவிசைக்கு, துளை 1 மி.மீ. லூசாக. சமமில்லாத தரையில் போட்ட கட்டிலுக்கு ஒரு கால் அந்தரத்தில் நிற்பதைப் போல, லூசான துளைகளில் ஏதோ ஒரு போல்ட்தான் முதலில் சுவரைத் தொடும். எஃகு அவ்வளவு எளிதில் வளையாது. மற்ற மூன்றும் தொடுவதற்குள் அந்த ஒன்று நசுங்கத் தொடங்கிவிடும்.

லைன் ஷாஃப்ட்டில் ஸ்டார்ட், ஸ்டாப், திடீர்ச் சுமை எல்லாம் வரும். அதனால் நான் எடுப்பது இரண்டாவது வழி, அதாவது ரீமர் போட்ட துளையில் ஃபிட் போல்ட். அதையும் முழு இறுக்கத்துக்கு முறுக்கிவிடுவேன். உராய்வால் கிடைப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மோட்டாரின் கிலோவாட்டும் கப்ளிங் இருக்கும் ஷாஃப்ட்டின் வேகமும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் தகட்டில் இருக்கும் வேகத்தை அப்படியே எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நடுவில் பெல்ட்டோ கியரோ இருந்தால் வேகம் மாறும், அதோடு முறுக்கும் மாறும்.

கருவியில் 11 மி.மீ. ஹெச்-7 ரீமர், 10.8 மி.மீ. ட்ரில், இரண்டு டயல் கேஜ், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், வெர்னியர், ஷிம் தகடுகள் வேண்டும். ஃபிட் போல்ட் சாதாரண போல்ட் அல்ல. எம்-10 ஃபிட் போல்ட்டின் மரை 10 மி.மீ., உடல் 11 மி.மீ. கடையில் "எம்-10 போல்ட்" என்று மட்டும் கேட்டால் சாதாரண போல்ட்டைத்தான் கொடுப்பார்கள், உடலை அளந்து வாங்குங்கள்.

3. முறுக்குவிசையும் ஷாஃப்ட்டும்

```
T = 9550 × 15 / 720 = 199 N·m
T (design) = 1.5 × 199 ≈ 300 N·m
d³ = 16 × 300000 / (π × 40)  →  d = 33.7 mm
```

1.5 என்பது ஸ்டார்ட்டின்போதும் சுமை திடீரென ஏறும்போதும் வரும் கூடுதலுக்காக. கல் உடைக்கும் எந்திரம் போல இடித்துக்கொண்டே ஓடும் வேலையாக இருந்தால் இது போதாது, 2-க்கு மேல் எடுக்க வேண்டும். 40 என்பது ஒரு சதுர மி.மீ.க்கு நியூட்டனில், மென் எஃகு ஷாஃப்ட்டுக்கு நான் அனுமதிக்கும் வெட்டுத் தகைவு. 33.7 வந்தாலும் கீ பள்ளம் ஷாஃப்ட்டைப் பலவீனப்படுத்தும், அதனால் 40 மி.மீ. எடுத்தேன்.

அலகில் கவனம் வேண்டும். 300 நியூட்டன் மீட்டர் என்பது 3,00,000 நியூட்டன் மி.மீ. தகைவை மி.மீ. கணக்கில் வைத்துக்கொண்டு முறுக்கை மீட்டரில் போட்டால் ஷாஃப்ட் பென்சிலை விட மெல்லியதாக வரும். சிரிப்பாக இருக்கும். ஆனால் அதே தவறு போல்ட்டில் நடந்தால் அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது.

4. போல்ட் வட்டமும் ஒரு போல்ட்டின் பங்கும்

ஷாஃப்ட் விட்டத்தை d என்று வைத்தால் வழக்கமான அளவுகள் இவை: ஹப் விட்டம் 2d, ஹப் நீளம் 1.5d, போல்ட் மையங்கள் அமையும் வட்டம் 3d, ஃபிளாஞ்ச் வெளி விட்டம் 4d, ஃபிளாஞ்ச் தடிமன் 0.5d. நமக்கு இவை முறையே 80, 60, 120, 160, 20 மி.மீ. இந்த ஷாஃப்ட்டுக்கு 4 போல்ட் போதும்.

போல்ட் வட்டம் ஏன் 3d? ஹப்பின் சுவருக்கும் நட்டுக்கும் நடுவில் ஸ்பானர் நுழைய இடம் வேண்டும். ஹப் 80 என்றால் அதன் ஆரம் 40, போல்ட் மையம் 60-இல். நடுவே 20 மி.மீ. இருக்கிறது. எம்-10 நட்டுக்கு இது தாராளம். வட்டத்தைப் பெரிதாக்கினால் போல்ட்டின் சுமை குறையும், ஆனால் ஃபிளாஞ்ச் கனமாகும்.

```
F = T / (n × R) = 300000 / (4 × 60) = 1250 N
```

R என்பது போல்ட் வட்டத்தின் ஆரம். வரைபடத்தில் எழுதியிருப்பது பி.சி.டி., அதாவது விட்டம். 60-க்குப் பதில் 120 போட்டு, போல்ட்டின் சுமையைப் பாதியாகக் காட்டிய தாள்களை நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். விசையை ஆரத்தால் பெருக்கினால்தான் முறுக்கு. இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் தவறு வராது.

5. போல்ட் அளவு: பாதி போல்ட்டை மட்டும் நம்புங்கள்

1250 நியூட்டனை அப்படியே எடுத்தால் 6.3 மி.மீ. போல்ட் போதும் என்று வரும். நான் அப்படி எடுப்பதில்லை. ரீமர் போட்ட துளையிலும் ஒன்றிரண்டு நூறில் ஒரு பங்கு மி.மீ. வேறுபாடு இருக்கும், அதனால் முதல் சுமையில் நான்கும் ஒன்றுபோல் வேலை செய்யாது. பாதி போல்ட்தான் தூக்குகிறது என்று வைத்துக் கணக்கிடுவது என் வழக்கம்.

```
F = 300000 / (2 × 60) = 2500 N
A = 2500 / 40 = 62.5 mm²  →  d = 8.9 mm
```

எனவே எம்-10 ஃபிட் போல்ட், உடல் 11 மி.மீ. துளைச் சுவரில் நசுங்கலையும் பார்க்க வேண்டும். 2500-ஐ 11 × 20-ஆல் வகுத்தால் சதுர மி.மீ.க்கு 11 நியூட்டன்தான் வருகிறது, கவலையில்லை.

இந்த 11 மி.மீ. உடல் இரண்டு முகங்களும் சந்திக்கும் கோட்டில் இருக்க வேண்டும். மரை அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டால், வெட்டுப்படும் குறுக்குவெட்டு சுருங்குவதோடு மரையின் அடிப்பள்ளத்தில் விரிசலும் தொடங்கும். போல்ட்டை வெளியே பிடித்து, தலையின் அடியிலிருந்து 20 மி.மீ. எங்கே வருகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் மரை தெரிந்தால் அந்தப் போல்ட் வேண்டாம். அதேபோல் உடல் 40 மி.மீ.க்கு மேல் நீண்டாலும் சிக்கல்தான். நட் மரையின் முடிவில் போய் முட்டிக்கொள்ளும், டார்க் ரெஞ்ச் "கிளிக்" என்று சொல்லும், ஃபிளாஞ்ச் அழுந்தியிருக்காது.

6. கீ, ஹப், ஃபிளாஞ்ச்

40 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 12 × 8 கீ, நீளம் ஹப் நீளமான 60. வெட்டுத் தகைவு சுமார் 21, நசுங்கல் 62.5. ஹப்பின் முறுக்குத் தகைவு 3.2. ஃபிளாஞ்ச் ஹப்பிலிருந்து கிழிந்து பிரியும் இடத்தில் 1.5. வார்ப்பிரும்புக்கு 8 வரை விடலாம் என்பதால் ஹப்பும் ஃபிளாஞ்சும் தாராளமாகத் தப்பிக்கின்றன. இந்தக் கப்ளிங்கில் நசுங்கலுக்கு மிக அருகில் இருப்பது கீதான். கீயின் பக்கங்கள் பள்ளத்தில் இறுக்கமாகவும் தலைப்பக்கம் சிறு இடைவெளியோடும் இருக்கட்டும். தலைப்பக்கம் இடித்தால் ஹப் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு மையம் விலகும்.

7. கடைசல்: ஒரே பிடியில்

துளை, முகம், ஸ்பிகாட் மூன்றையும் லேத்தில் ஒரே பிடியில் கடையுங்கள். ஒரு முறை கழற்றி மறுபடி பிடித்தால் மையம் சற்றாவது தப்பும். ரிஜிட் கப்ளிங்கில் அந்தப் பிழை ஷாஃப்ட்டை வளைத்துக்கொண்டே சுற்ற வைக்கும்.

ஸ்பிகாட் என்பது ஒரு ஃபிளாஞ்சில் வெளியே நீட்டும் வட்ட மேடு. மற்றதில் அதற்கான குழி. மேடு 2 மி.மீ. உயரம் என்றால் குழி 3 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் மேடு அடியில் முட்டி, முகங்கள் சேராது. அப்போது உராய்வும் இல்லை, போல்ட்டும் வளையும்.

அடுத்த பகுதியில் சொல்லும் போல்ட் துளைகளைப் போட்ட பிறகு, ஹப்பை எண்ணெயில் 90 முதல் 100 டிகிரி வரை சூடாக்கி ஷாஃப்ட்டில் ஏற்றுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் முகம் கோணும், பேரிங்கும் அடி வாங்கும். ஏற்றிய பிறகு, ஷாஃப்ட்டோடு லேத்தில் சுற்றி முகத்தை டயல் கேஜால் பாருங்கள். 0.03 மி.மீ.க்கு மேல் ஆடினால் மெல்லிய ஒரு வெட்டு எடுத்துவிடுங்கள். இரண்டு ஷாஃப்ட்டின் கீகளும் ஒரே கோட்டில் அமையாமல் 90 டிகிரி விலகி இருந்தால், சுற்றும்போது எடை ஒரு பக்கமாகச் சேராது.

8. போல்ட் துளை: சேர்த்துத் துளையிட்டு, இடத்தில் ரீமர் போடுங்கள்

இந்த வழிகாட்டியின் மற்ற எல்லாவற்றையும் விட இந்தப் பகுதிக்குத்தான் நான் அதிக மதிப்புத் தருவேன். தனித்தனியாகக் குறித்து, தனித்தனியாகத் துளையிட்ட இரண்டு ஃபிளாஞ்சுகள் ஒருபோதும் முழுமையாகப் பொருந்தியதை நான் பார்த்ததில்லை.

ஹப்பை ஷாஃப்ட்டில் ஏற்றும் முன்பே, இரண்டு ஃபிளாஞ்சையும் ஒரே மாண்ட்ரலில் ஸ்பிகாட்டோடு சேர்த்துப் பிடித்து, சேர்த்தே 10.8 மி.மீ.க்குத் துளையிடுங்கள். 11-க்கு நேராகப் போக வேண்டாம். பக்கத்துத் துளைகளின் மைய தூரம் `120 × sin 45° = 84.85` மி.மீ. இருக்க வேண்டும். மையத்தை வெர்னியரால் பிடிக்க முடியாது என்பதால், இரண்டு துளைகளின் உள் ஓரங்களுக்கு நடுவே அளந்து ஒரு துளை விட்டத்தைக் கூட்டுங்கள். நான்கு பக்கமும் அளந்தால் வட்டம் சரியாகப் பிரிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு ஃபிளாஞ்சின் ஓரத்தில் இரண்டுக்கும் குறுக்கே உளியால் ஒரு கோடு போட்டு, துளைகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் குத்துங்கள். கழற்றி மாட்டும்போது இந்தக் கோடு சேர வேண்டும்.

ரீமர் போடுவது ஆலையில், ஷாஃப்ட் நேராக்கப்பட்ட பிறகு, அதாவது அடுத்த படி முடிந்த பின்தான். 1, 3 துளைகளில் தற்காலிகமாகச் சாதாரண எம்-10 போல்ட்டைப் போட்டு இறுக்குங்கள். 2, 4 துளைகளில் கைரீமரை இரண்டு ஃபிளாஞ்சையும் ஊடுருவும்படி ஓட்டி, உடனே ஃபிட் போல்ட்டைப் போட்டு இறுக்குங்கள். பிறகு 1, 3-ஐக் கழற்றி அவற்றையும் அப்படியே செய்யுங்கள். இந்த வரிசையில் போனால் எந்தக் கணத்திலும் ஃபிளாஞ்ச் நகராமல் இரண்டு போல்ட் பிடித்திருக்கும்.

வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டாம். ரீமரைப் பின்னோக்கிச் சுற்றாதீர்கள், ஓரம் மழுங்கி துளை கோணும். போல்ட் கையால் தள்ளினால் பாதி போய், மெல்லத் தட்டினால் உள்ளே போக வேண்டும். கையால் தள்ளியே முழுவதும் போய்விட்டால் அந்தத் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு போல்ட்டும் தன் எண்ணிட்ட துளைக்கே சொந்தம்.

9. ஷாஃப்ட்டை நேராக்குங்கள், போல்ட்டால் இழுக்காதீர்கள்

இரண்டு ஃபிளாஞ்சையும் ஸ்பிகாட் விலகும் அளவு, 4 மி.மீ. இடைவெளியில் வையுங்கள். ஸ்பிகாட் உள்ளே இருந்தால் அதுவே ஷாஃப்ட்டை இழுத்துப் பிடித்து, பிழையை மறைத்துவிடும்.

ஒரு ஷாஃப்ட்டில் டயல் கேஜைக் கட்டி, மற்ற ஃபிளாஞ்சின் விளிம்பைத் தொட வையுங்கள். இரண்டு ஷாஃப்ட்டையும் சேர்த்தே சுற்றுங்கள். சேர்த்துச் சுற்றினால் ஃபிளாஞ்சின் சொந்த ஆட்டம் கணக்கில் வராது. விளிம்பில் காட்டும் மொத்த வேறுபாடு மைய விலகலைப் போல இரண்டு மடங்கு. 0.10 காட்டினால் விலகல் 0.05. ஃபீலர் கேஜால் மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் முக இடைவெளியைப் பாருங்கள். இவ்விரண்டிலும் விலகலும் வேறுபாடும் 0.05 மி.மீ.க்குள் வரும் வரை பிளம்மர் பிளாக்கின் அடியில் ஷிம் வைத்துத் திருத்துங்கள்.

ஓரத்தில் அரை மி.மீ. திறந்திருக்கும்போது "இறுக்கினால் சேர்ந்துவிடும்" என்று யாராவது சொல்வார். உண்மைதான், சேர்ந்துவிடும். அந்த அரை மி.மீ. ஷாஃப்ட்டின் வளைவாக மாறி, ஒரு சுற்றுக்கு ஒரு முறை, நிமிடத்துக்கு 720 முறை முன்னும் பின்னும் வளைந்துகொண்டே இருக்கும்.

10. இறுக்கும் வரிசை

முகத்தில் எண்ணெய், பெயின்ட், ரீமர் சீவல் எதுவும் இருக்கக் கூடாது. 1, 3, 2, 4 என்று எதிரெதிராக, முதலில் 20, பிறகு 35, கடைசியாக 48 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இது 8.8 தர எம்-10 போல்ட்டுக்கானது. பக்கத்துப் பக்கத்துப் போல்ட்டாக இறுக்கினால் முகம் ஒரு ஓரத்தில் முதலில் கடித்துக்கொள்ளும். வாஷரைத் தவிர்க்காதீர்கள். இல்லையென்றால் வார்ப்பிரும்பு நட்டின் அடியில் நசுங்கி இறுக்கம் குறையும்.

உராய்வை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்பதை இங்கே பார்க்கலாம். 48 நியூட்டன் மீட்டர் ஒவ்வொரு போல்ட்டிலும் சுமார் 24,000 நியூட்டன் இழுவிசையைத் தரும்.

```
0.15 × 4 × 24000 × 0.06 = 864 N·m
0.08 × 4 × 12000 × 0.06 = 230 N·m
```

முதல் வரி சுத்தமான முகமும் முழு இறுக்கமும் இருந்தால் கிடைப்பது. தேவையைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரண்டாவது வரி, முகத்தில் எண்ணெய் பட்டு, இறுக்கமும் பாதியாகத் தளர்ந்தால் கிடைப்பது. 230 என்பது சாதாரண ஓட்டத்தின் 199-க்குப் போதும். ஆனால் ஸ்டார்ட்டின்போது வரும் 300-க்குப் போதாது. அதனால் நாள் முழுக்கச் சத்தமில்லாமல் ஓடும் கப்ளிங், காலையில் ஸ்விட்ச் போடும்போது மட்டும் "டக்" என்று ஒரு ஒலி எழுப்பும். லூசான துளையாக இருந்தால் அந்தச் சறுக்கல் 1 மி.மீ. வரை போகும். 60 மி.மீ. ஆரத்தில் அது சுமார் 1 டிகிரி. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் போல்ட்டின் உடலில் ஒரு சுத்தியல் அடி விழுகிறது. ஃபிட் போல்ட்டில் சறுக்க இடமே இல்லை.

நட்டிலிருந்து ஃபிளாஞ்ச் வரை பெயின்டால் ஒரு கோடு இழுங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு நிறுத்தி, மறுபடி 48-க்கு இறுக்குங்கள். கோடு உடைந்திருந்தால் அந்த நட் தளர்ந்திருக்கிறது.

11. கோளாறை இரும்பிலிருந்தே படியுங்கள்

முகங்கள் சேரும் கோட்டில் துருநிறத்தில் மெல்லிய பொடி வந்தால் ஃபிளாஞ்ச் நுண்ணளவில் சறுக்குகிறது. இறுக்கத்தைப் பாருங்கள். போல்ட்டைக் கழற்றும்போது உடலின் நடுவில் ஒரு படி போல மடிந்திருந்தால் அது வெட்டுவிசை அதிகமானதன் அடையாளம். நான்கில் ஒன்றில் மட்டும் படி இருந்தால், மற்ற மூன்றின் துளைகள் லூஸ்.

போல்ட் உடைந்தே போனால், முறிந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். கடற்கரையில் அலை விட்டுச் சென்ற கோடுகளைப் போல வளைவு வளைவாகத் தெரிந்தால் அது களைப்பு முறிவு. அதிலும் தலையின் அடியிலோ நட்டின் முதல் மரையிலோ முறிந்திருந்தால் முறுக்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அது வளைவால் வந்தது.

ஒரு ஆலையில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போல்ட் முறிகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகும்போது எம்-10-லிருந்து எம்-12-க்கு மாறி, எம்-16-க்குத் துளையைப் பெரிதாக்கத் தயாராக இருந்தார்கள். முறிந்த எட்டுப் போல்ட்டை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார் அங்கிருந்த ஃபிட்டர். எட்டும் நட்டின் முதல் மரையில் முறிந்தவை. ஒன்றிலும் உடலில் படி இல்லை. கப்ளிங்கைப் பிரித்து டயல் கேஜைக் கட்டினால் விளிம்பில் 1.2 மி.மீ. காட்டியது, அதாவது 0.6 விலகல். ஒரு பிளம்மர் பிளாக் நின்ற கான்கிரீட் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. அடித்தளத்தைச் சரிசெய்து, ஷிம் வைத்து, துளைகளை எம்-12 ஃபிட் போல்ட்டுக்கு ரீமர் போட்டோம். எம்-16 போல்ட்டுக்காக வாங்கிய ட்ரில் அந்த ஃபிட்டரின் மேஜையில் உறை பிரிக்காமல் கிடந்தது.